ராஜினாமா வந்துவிட்டது, பதில் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா அவர்களுக்கு,

நாகர்கோவில் கோட்டாறில் நானும் என் கணவரும் சோப்பு, பிஸ்கட், பலசரக்கு மொத்த விநியோகம் செய்கிறோம். 23 பேர் வேலை செய்கிறார்கள். தக்கலை, கருங்கல், குளச்சல் லைனைப் பார்க்கும் விற்பனை மேற்பார்வையாளர் தம்பி 10.6.2019 முதல் எங்களிடம் இருக்கிறார். மஸ்கட்டில் வேலை கிடைத்து, 2.2.2026 அன்று வாட்ஸ்அப்பில் ராஜினாமா கடிதம் அனுப்பினார். நியமன ஆணைப்படி 30 நாள் நோட்டீஸ்; அவரோ 20ஆம் தேதியே விடச் சொல்கிறார். சம்பளம் ரூ.26,000. அதில் அடிப்படை 10,000, வீட்டு வாடகைப்படி 6,000, பயணப்படி 4,000, சிறப்புப்படி 6,000. தீபாவளி முன்பணத்தில் ரூ.6,000 பாக்கி; 9 நாள் விடுப்பு மிச்சம். கம்பெனி பைக், போன், சிம், டேப்லெட், ரசீது புத்தகங்கள், குடோன் சாவி அவரிடம் உள்ளன. அவருடைய டிப்ளமோ அசல் சான்றிதழ் எங்கள் பீரோவில் இருக்கிறது. அந்த லைனில் கடைக்காரர்கள் தர வேண்டியது ரூ.38,000.

என் கணவர், "எல்லாம் திரும்பி வந்து, கடைப் பாக்கியும் வசூலான பிறகுதான் பதில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நாளையே வர வேண்டாம் என்று சொல்லிவிடு" என்கிறார். கணக்குப்பிள்ளை, "கணக்கு முடிக்க 45 நாள் ஆகும்; பணிக்கொடை ரூ.40,385 வரும், அதையும் அவர் விண்ணப்பித்தால் கொடுக்கலாம்" என்கிறார். அந்தத் தம்பி நல்ல பையன். மனக்கசப்பில்லாமல் அனுப்பி வைக்க விரும்புகிறேன். பதில் கடிதத்தை எப்படி எழுத வேண்டும்?

– வாசகி, நாகர்கோவில்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலைத் தள்ளிப்போடாதீர்கள். நியமன ஆணையில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று இருக்கும்போது, ராஜினாமா என்பது உங்கள் அனுமதியைக் கேட்கும் மனு அல்ல. அவர் தமக்குள்ள உரிமையைப் பயன்படுத்துகிறார் என்பதே அதன் பொருள். நீங்கள் பேசாமல் இருந்தாலும் நோட்டீஸ் காலம் தன்போக்கில் ஓடி முடியும். பதில் கொடுக்காததால் கெடுவது ஒன்றுதான்: எந்த நாளில் வேலை முடிந்தது என்பதற்கு உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. 21ஆம் தேதி அவர் வராவிட்டால், சொல்லாமல் நின்றுவிட்டாரா, நீங்கள் விடுவித்து அனுப்பினீர்களா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சம்பளம் எந்த நாள் வரை, பணிக்கொடைக்கான கெடு எந்த நாளிலிருந்து, பி.எஃப். கணக்கில் விலகிய தேதி எது, மஸ்கட்டில் கேட்கும் அனுபவச் சான்றிதழில் என்ன தேதி என்று எல்லாமே அந்த ஒரு நாளைப் பிடித்துத்தான் நிற்கின்றன.

ஏற்றுக்கொண்டோம் என்று அலுவலகத்துக்குள் முடிவெடுத்தால் மட்டும் போதாது, அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ராஜினாமாவை ஏற்றதாக நிர்வாகம் காட்டிய கடிதம் உள் அலுவலகக் கடிதமாகவே இருந்தது, ஊழியருக்கு அது சேர்ப்பிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. இடையில் அவர் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அது பொதுத்துறை வழக்கு. உங்களுடையதைப் போன்ற தனியார் நிறுவனத்தில் மீண்டும் வேலை கொடு என்ற உத்தரவு அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடாது. ஆனாலும் கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கும் பழக்கம் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

கடைசி வேலை நாளைக் குறிப்பது

கடிதம் கிடைத்த 2ஆம் தேதியை விட்டுவிட்டு 3ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 30ஆவது நாள் மார்ச் 4, புதன்கிழமை. பிப்ரவரி 20 வரை அவர் வேலை பார்த்தால் 18 நாள் ஆகும்; 12 நாள் குறையும். உங்கள் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. மார்ச் 4 வரை இருக்கச் சொல்லலாம், அல்லது 20ஆம் தேதியை ஒப்புக்கொள்ளலாம். உங்கள் கணவர் சொல்லும் மூன்றாவது வழி, அதாவது நாளையே வர வேண்டாம் என்பது, வேறு வகையைச் சேர்ந்தது. அவர் கேட்ட நாளுக்கு முன்னதாக, அவர் சம்மதமில்லாமல் நீங்கள் வாசலை அடைத்தால், அது ராஜினாமா என்ற நிலையிலிருந்து நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது என்ற நிலைக்கு நகர்ந்துவிடும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் வேண்டும். லைனுக்கு அனுப்ப விருப்பமில்லையென்றால் அவரை அலுவலகத்தில் உட்கார வைத்துக் கணக்கை ஒப்படைக்கச் சொல்லுங்கள். 20ஆம் தேதி வரை சம்பளம் மட்டும் ஓடட்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் பயணத் தேதி முடிவானவரை 12 நாளுக்காகப் பிடித்து வைப்பதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. 20ஆம் தேதியையே ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குறையும் 12 நாளுக்கு உரிய பணம், மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்துப் பார்த்தால், ரூ.10,400. அதைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதுதான் ஊர் வழக்கமாக இருக்கிறது. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 18ஆவது பிரிவு, சம்பளத்தில் எவற்றையெல்லாம் பிடிக்கலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. நோட்டீஸ் குறைவு என்ற தலைப்பு அதில் இல்லை. அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை ஒப்பந்தப்படி உங்களுக்கு இருக்கலாம், ஆனால் கேட்பது வேறு, சம்பளத்திலிருந்து நீங்களாகவே எடுத்துக்கொள்வது வேறு. அவருக்கு மிச்சமிருக்கும் 9 நாள் விடுப்பை இந்த 12 நாளுக்கு ஈடுகட்டி, மீதி 3 நாளை, அதாவது ரூ.2,600ஐ, நீங்கள் விட்டுக்கொடுப்பதுதான் நல்ல வழி. விடுப்பு அவருடைய உரிமை என்பதால் இதற்கு அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

இந்த ஈடுகட்டலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. "20ஆம் தேதி விடுவிக்கிறோம், அதன்பின் 9 நாள் விடுப்பு அனுமதிக்கிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அவர் மார்ச் 1 வரை உங்கள் ஊழியராகவே இருக்கிறார் என்று பொருளாகும். பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவன வழக்கில் நடந்தது ஏறத்தாழ இதுவே. ராஜினாமாவை உடனடியாக ஏற்பதாகச் சொன்ன நிர்வாகம், தற்செயல் விடுப்பையும் கொடுத்து, சில நாள் கழித்து விடுவிப்பதாக எழுதியது. இடைப்பட்ட நாளில் அவர் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். விடுவிக்கும் நாள் வரை வேலை உறவு தொடர்ந்தது என்பதால் அது செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் கடிதத்தில் வரும் தேதி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: 20.2.2026 வேலை நேரம் முடிவில்.

இரண்டு கெடுக்கள், இரண்டு கணக்குகள்

உங்கள் கணக்குப்பிள்ளை சொல்லும் 45 நாள் பல நிறுவனங்களில் வழக்கமாக இருந்ததுதான். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. பழைய 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், நிர்வாகம் நீக்கிய ஊழியருக்குத்தான் இரண்டாவது வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்கச் சொன்னது. தாமாக விலகியவரைப் பற்றி அந்த விதி பேசவில்லை. புதிய சட்டத் தொகுப்பின் 17ஆவது பிரிவு ராஜினாமா செய்தவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. இப்போது அவருக்கும் இரண்டு வேலை நாட்கள்தான் கெடு. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை; உங்களுக்குச் சனிக்கிழமை வேலை நாள் என்றால், 23ஆம் தேதி திங்களுக்குள் சம்பளம் அவர் வங்கிக் கணக்கில் ஏறிவிட வேண்டும். இந்தக் கணக்கில் வாடகைப்படியும் பயணப்படியும் சேரும்.

பிப்ரவரிக்கு 28 நாள். ரூ.26,000இல் 20 நாளுக்கு ரூ.18,571 வருகிறது. கொடுத்த முன்பணத்தைப் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, எனவே தீபாவளிப் பாக்கி ரூ.6,000ஐக் கழிக்கலாம், மிச்சம் ரூ.12,571. அதில் அவருடைய பி.எஃப். பங்கு போக மீதியைக் கொடுக்க வேண்டும். மொத்தப் பிடித்தம் அந்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. பாதி என்பது ரூ.9,285, முன்பணமும் பி.எஃப். பங்கும் சேர்ந்தாலும் அதற்குள்தான் அடங்கும்.

பணிக்கொடைக்குக் கெடு 30 நாள். அவர் விண்ணப்பித்தால்தான் என்பது தவறு. விண்ணப்பம் வந்தாலும் வராவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு, ஊழியருக்கும் உரிய அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. கெடு தாண்டினால் வட்டி சேரும். இதைவிடப் பெரிய பிழை தொகையில் இருக்கிறது. பழைய பணிக்கொடைச் சட்டத்தில் மற்ற படிகளெல்லாம் விலக்கப்பட்டிருந்ததால் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் மட்டும் வைத்துக் கணக்கிடுவது வழக்கம். உங்கள் கணக்குப்பிள்ளை அதே பழக்கத்தில் 10,000ஐ எடுத்திருக்கிறார். இப்போது ஊதியம் என்பதன் வரையறை மாறிவிட்டது. வாடகைப்படி, பயணப்படி போன்று பெயர் சொல்லி விலக்கப்பட்டவை தவிர மற்றவை ஊதியத்தில் சேரும். சிறப்புப்படி விலக்குப் பட்டியலில் இல்லை. விலக்கப்பட்டவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் உள்ளே வரும். நீங்கள் செலுத்தும் பி.எஃப். பங்கைச் சேர்த்துப் பார்த்தாலும் இவருக்கு அது பாதியைத் தாண்டவில்லை. ஆகவே கணக்குக்கு உரிய ஊதியம் 10,000 அல்ல, 16,000.

சேவைக் காலம் 10.6.2019 முதல் 20.2.2026 வரை 6 ஆண்டு 8 மாதம் சொச்சம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்பதால் 7 ஆண்டு. 16,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 7ஆல் பெருக்கினால் ரூ.64,615. உங்கள் கணக்குப்பிள்ளை சொன்னதைவிட ரூ.24,230 அதிகம். ஆண்டுகளை அவர் சரியாகவே 7 என்று எடுத்திருக்கிறார், தவறியது ஊதியத்தில்தான். மற்ற 22 பேருக்கும் நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் பணிக்கொடைத் தொகையை இதே கண்ணோடு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கடைப் பாக்கி ரூ.38,000 பற்றி உங்கள் கணவருக்கு இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. ஆள் போய்விட்டால் கடைக்காரர்கள், "அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டேனே" என்று சொல்வது இந்தத் தொழிலில் நடக்கிற ஒன்றுதான். ஆனாலும் கடைக்காரர் உங்களுக்குத் தர வேண்டிய கடன் ஊழியரின் கடன் ஆகாது. அவர் வசூலித்து உங்களிடம் கட்டாத பணம் இருந்தால், அது மட்டும்தான் அவர் பொறுப்பு. அப்படி ஒன்று தெரியவந்தால்கூட, அவரிடம் விளக்கம் கேட்டு, பதில் சொல்ல வாய்ப்பளித்த பிறகே, உண்மையான இழப்பு அளவுக்கு மட்டும் சம்பளத்தில் பிடிக்கலாம். பணிக்கொடையில் கை வைக்க முடியாது. குற்றச் செயலுக்காகவோ, நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தியதற்காகவோ வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குத்தான் பணிக்கொடையைப் பறிக்கும் விதி பொருந்தும். முறையாக ராஜினாமா செய்தவருக்கு அது பொருந்தாது.

செய்ய வேண்டிய வேலை, 20ஆம் தேதிக்குள் அந்த 38,000ஐக் கடைவாரியாகப் பிரிப்பது. பாக்கி உள்ள ஒவ்வொரு கடைக்கும் அவரும், அந்த லைனை இனிப் பார்க்கப்போகிறவரும் சேர்ந்து சென்று, நிலுவைத் தொகையை எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கட்டும். தக்கலையிலிருந்து குளச்சல் வரை இரண்டு நாளில் முடிந்துவிடும். கையெழுத்திட மறுக்கும் கடை எது என்று அப்போதே தெரிந்துவிடும். அவர் ஊரில் இருக்கும்போது கேட்டால் பதில் கிடைக்கும், விமானம் ஏறிய பிறகு கிடைக்காது.

திரும்ப வர வேண்டிய பொருட்கள்

பொருட்கள் வந்தால்தான் பணம் என்று கடிதத்தில் எழுத வேண்டாம். சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் சட்டம் தனித்தனிக் கெடு வைத்திருக்கிறது. பைக் சாவி வரவில்லை என்பது அந்தக் கெடுவை நீட்டிக்கும் காரணமாகாது. ஒப்படைக்கும் நாளைக் கடைசி நாளுக்கு முந்தைய நாளாக வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழாது. 19ஆம் தேதி வியாழன் பிற்பகல் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டால், ஏதாவது விடுபட்டிருந்தால் கொண்டுவர அவருக்கு ஒரு முழு நாள் இருக்கும்.

ரசீது புத்தகங்கள்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை அவருக்குக் கொடுத்தீர்கள் என்ற பதிவை எடுத்து, பயன்படுத்திய ஒவ்வொரு அடிக்கட்டும் பணப் பேரேட்டில் வரவாகியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ரத்து செய்த ரசீது என்றால் அசலும் நகலும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். நகல் மட்டும் இருந்து அசல் இல்லையென்றால் அந்த ரசீது யாரிடமோ போயிருக்கிறது. எழுதாத தாள்களைக் குறுக்கே கோடிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். உங்கள் முத்திரையுடன் ஒரு வெற்று ரசீது வெளியே இருப்பது, ஒரு பழைய போன் வராமல் போவதைவிட அதிக ஆபத்து.

பைக்கின் ஆர்.சி. நிறுவனத்தின் பெயரில் இருக்கும்வரை, விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு உரிமையாளர் என்ற முறையில் உங்களைத் தேடித்தான் வரும். அதனால் 19ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாளும் அது அவரிடம் இருக்க வேண்டாம். கிலோமீட்டர் அளவு, ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டு சாவிகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நாலு பக்கமும் புகைப்படம் எடுங்கள். வழக்கமான தேய்மானத்துக்கு அவரிடம் பணம் கேட்கக்கூடாது. அவருடைய கவனக்குறைவால் சேதம் நேர்ந்திருந்தாலும் பொருளின் இன்றைய மதிப்பைத்தான் பார்க்க வேண்டுமே தவிர, புதிதாக வாங்கும் விலையை அல்ல.

போன், சிம், டேப்லெட் மூன்றும் கைக்கு வந்துவிட்டன என்பதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அவருடைய சொந்த கூகுள் கணக்கை நீக்காமல் போனை அழித்துத் திருப்பித் தந்தால், பழைய கணக்கின் கடவுச்சொல் கேட்டு அது பூட்டிக்கொள்ளக்கூடும். அப்போது மஸ்கட்டுக்கு அழைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அந்த எண்ணில்தான் இருக்கும் என்பதால், இரண்டாம் நிலை பின் எண்ணை உங்கள் எதிரிலேயே நீக்கி, குழு நிர்வாகத்தை அடுத்தவருக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆறரை ஆண்டு அந்த எண்ணை வைத்திருந்தவர் தம் வங்கிக் கணக்கு, ஆதார், பி.எஃப். ஆகியவற்றை அதே எண்ணுடன் இணைத்திருக்கக்கூடும். அவற்றைச் சொந்த எண்ணுக்கு மாற்ற இன்றே சொல்லிவிடுங்கள். 19ஆம் தேதி சிம்மை வாங்கிக்கொண்ட பிறகு இது தெரியவந்தால், வெளிநாடு போகும் அவசரத்தில் அவர் படும் பாடு கொஞ்சமாக இராது.

அவருடைய டிப்ளமோ சான்றிதழ் உங்களுடைய பொருள் அல்ல. அதை ஈடாக வைத்திருக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை; வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் பெற அவருக்கு அசல்தான் தேவைப்படும். இந்தப் பதிலைப் படித்த அன்றே கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நம் மாவட்டத்தில் பல கடைகளிலும் நிறுவனங்களிலும் அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் இருக்கிறது; மற்றவர்களுடையது உங்கள் பீரோவில் இருந்தால் அவற்றையும் நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தருவது நல்லது.

கடிதம்

நிறுவனத்தின் கடிதத்தாளில், சுருக்கமாக, கீழ்க்கண்டவாறு எழுதலாம்.

> நாள்: 9.2.2026
>
> அன்புடையீர்,
>
> பொருள்: தங்கள் ராஜினாமாவை ஏற்பது தொடர்பாக.
>
> தாங்கள் 2.2.2026 அன்று அனுப்பிய ராஜினாமா கடிதம் அன்றே கிடைத்தது. அதனை ஏற்றுக்கொள்கிறோம். தாங்கள் கேட்டுக்கொண்டபடி 20.2.2026 வேலை நேரம் முடிவில் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். அதுவே தங்கள் கடைசி வேலை நாள்.
>
> நியமன ஆணைப்படியான நோட்டீஸ் காலத்தில் குறையும் 12 நாட்களில், 9 நாட்கள் தங்கள் கணக்கிலுள்ள விடுப்புக்கு ஈடுகட்டப்படுகின்றன; மீதி 3 நாட்களை நிறுவனம் விட்டுக்கொடுக்கிறது. இதற்காகத் தங்களிடமிருந்து தொகை எதுவும் பெறப்படாது.
>
> 20.2.2026 வரையிலான சம்பளம், முன்பணப் பாக்கி ரூ.6,000 மற்றும் பி.எஃப். பங்கு நீங்கலாக, 23.2.2026க்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். 7 ஆண்டு சேவைக்கான பணிக்கொடை ரூ.64,615 சட்டப்படியான 30 நாள் கெடுவுக்குள் செலுத்தப்படும். கணக்கு விவரத்தாள் தனியே தரப்படும்.
>
> இணைப்பிலுள்ள பட்டியலின்படி நிறுவனத்தின் பொருட்களையும் கணக்குகளையும் 19.2.2026 பிற்பகல் 3 மணிக்கு அலுவலகத்தில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து தரப்படும்.
>
> விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் 20.2.2026 மாலை வழங்கப்படும்.
>
> நிறுவனத்துக்குத் தாங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி.
>
> (நிறுவனத்தின் சார்பில் கையெழுத்து)
>
> மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்தேன். விடுப்பை ஈடுகட்டுவதற்குச் சம்மதிக்கிறேன். (ஊழியர் கையெழுத்து, நாள்)

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ராஜினாமா வாட்ஸ்அப்பில் வந்ததால் அதே எண்ணுக்கு நகலை அனுப்புவதும் நல்லது. கையெழுத்திட அவர் தயங்கினால் ஸ்பீடு போஸ்டில் அவர் வீட்டு முகவரிக்கு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று ஒரு தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்க உங்கள் கணக்குப்பிள்ளை யோசனை சொல்லக்கூடும். பணம் ஏறுவதற்கு முன் வாங்கும் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. சட்டம் தரும் சம்பளத்தையும் பணிக்கொடையையும் ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்கச் செய்ய முடியாது. பணம் ஏறிய பிறகு, எந்தத் தேதியில் எந்தத் தலைப்பில் எவ்வளவு கிடைத்தது என்று குறிப்பிட்டுப் பெறும் ரசீதுதான் உங்களைக் காக்கும்.

கடைசியாக இரண்டு வேலைகள் உண்டு. பிப்ரவரி மாதப் பி.எஃப். பணத்தை மார்ச் 15க்குள் கட்டி, அவருடைய யு.ஏ.என். கணக்கில் விலகிய நாளாக 20.2.2026ஐப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அவர் பணத்தை எடுக்கவோ மாற்றவோ முயலும்போது சிக்கிக்கொள்ளும். மஸ்கட்டில் இருந்துகொண்டு நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்துக்கு யாரையாவது அனுப்பிக்கொண்டிருப்பார். அனுபவச் சான்றிதழில் அவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் எழுதுங்கள். தந்தை பெயர் முதலெழுத்தாக இருக்கிறதா, முழுமையாக இருக்கிறதா என்பதையும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே எழுத வேண்டும். சேர்ந்த நாள் 10.6.2019, விலகிய நாள் 20.2.2026 என்று இருக்கட்டும்.